பெட்டி இல்லை, கேபிள் இல்லை: திருப்பி அனுப்பிய பொருளுக்கு ரீஃபண்டில் எவ்வளவு பிடிக்கலாம்?

வாங்கிய பொருள் பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டீர்கள். சில நாள் கழித்துப் பணம் வருகிறது, ஆனால் கட்டிய தொகையைவிடக் குறைவாக. விளக்கம் கேட்டால் "அசல் பெட்டி இல்லை, ஆக்சசரி குறைவு" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. எதற்கு எவ்வளவு பிடித்தார்கள், எந்தக் கணக்கில் பிடித்தார்கள் என்பது அதில் இருக்காது. பெரும்பாலானவர்கள் அத்தோடு விட்டுவிடுகிறார்கள், அல்லது முழுப் பணமும் வேண்டும் என்று சண்டைக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கணக்கு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது: நீங்கள் அனுப்பாமல் விட்ட அந்தப் பொருளால், விற்பனையாளருக்கு இதை மறுபடி விற்கும்போது எவ்வளவு குறைகிறது? அந்தக் குறைவுதான் நியாயமான பிடித்தம். அதற்கு மேல் பிடித்தால் அது அபராதம்.

முதல் படி: எதற்காகத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்பதைச் சரியாகப் பதியுங்கள்

ரிட்டர்ன் படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தைப் பலர் அலட்சியமாக நிரப்புகிறார்கள். கண்ணில் பட்ட முதல் காரணத்தை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். பிடித்தம் உண்டா இல்லையா என்பதே அந்த ஓர் இடத்தில்தான் பாதி முடிவாகிறது.

பொருள் பழுதாக வந்தது, அல்லது நீங்கள் கேட்டது ஒன்று வந்தது வேறொன்று என்றால், தவறு விற்பனையாளர் பக்கம். பழுதான ஒரு பொருளை அவர் புதியதாக எப்படியும் விற்க முடியாது. பெட்டி இருந்தாலும் அது பழுதுநீக்கத்துக்கோ கழிவுக்கோதான் போகப் போகிறது. ஆகவே பெட்டி இல்லாததால் அவருக்குக் கூடுதல் நட்டம் ஏதும் இல்லை. இந்த நிலையில் பெட்டிக்காகப் பிடித்தம் செய்வதை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஆக்சசரி கதை வேறு. வேலை செய்யும் சார்ஜர் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டால், பழுதான பொருளாக இருந்தாலும் அந்தச் சார்ஜரின் மதிப்பு உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு உரியதை அவர் கழித்துக்கொள்ளலாம்.

மனம் மாறித் திருப்பி அனுப்பினால்தான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. அதனால், பொருள் பழுதாக இருந்தும் "தேவையில்லை" என்று பதிந்துவிடாதீர்கள். கிடங்கில் சோதிப்பவர் உங்கள் பதிவை வைத்துத்தான் தன் சோதனையைத் தொடங்குவார். மாறாக, நல்ல பொருளைப் பழுது என்று பதிவதும் உதவாது. சோதனையில் அது வேலை செய்துவிட்டால் மற்ற விஷயங்களில் நீங்கள் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் படி: வாங்கிய நாளில் காட்டிய நிபந்தனையைத் தேடி எடுங்கள்

ரிட்டர்ன் நிபந்தனைகளில் இரண்டு வகை வாசகங்கள் உண்டு. ஒன்று, "அசல் நிலையில் திருப்பித் தர வேண்டும்" என்று பொதுவாகச் சொல்வது. மற்றது, "அசல் பெட்டி, டேக், எல்லா ஆக்சசரிகளும் இருக்க வேண்டும், இல்லையென்றால் இத்தனை சதவீதம் வரை பிடிக்கப்படும்" என்று குறிப்பாகச் சொல்வது. முதல் வகையில் பிடித்தத்தை நியாயப்படுத்தும் சுமை விற்பனையாளர் மேல் அதிகம். இரண்டாம் வகையிலும் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது உச்சவரம்பு. ஒவ்வொரு முறையும் அந்த உச்சத்தையே பிடிப்பதற்கு அது அனுமதி தரவில்லை.

நிபந்தனைப் பக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று தளத்தில் இருப்பது உங்களுக்குப் பொருந்தாது, வாங்கிய நாளில் இருந்ததுதான் பொருந்தும். ஆர்டர் உறுதி மின்னஞ்சலில் அந்த நிபந்தனையோ அதன் சுருக்கமோ பெரும்பாலும் இருக்கும், அதை எடுத்து வையுங்கள்.

நிபந்தனைக்கு மேல் சட்டம் இருக்கும் இடங்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011/83 எண் நுகர்வோர் உரிமை நெறிமுறை இதில் மிகத் தெளிவானது. இணையம் வழியாக வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பலாம். பொருளின் தன்மை, அம்சங்கள், இயக்கம் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளத் தேவையான அளவைத் தாண்டிக் கையாண்டதால் மதிப்பு குறைந்திருந்தால் மட்டுமே வாங்கியவர் பொறுப்பு என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. தேவையான அளவு என்பதற்கு அது வைக்கும் அளவுகோல் எளியது: கடையில் நின்றபடி எதைச் செய்து பார்க்க விடுவார்களோ, அதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். பெட்டியைத் திறந்ததே குற்றம் என்று இந்த அளவுகோலின்படி யாரும் பிடிக்க முடியாது. திறந்த பெட்டியைத் தூக்கி எறிந்ததும், கேபிளைத் தொலைத்ததும் வேறு.

இந்த எல்லை எங்கே விழுகிறது என்பதற்கு இரண்டு வழக்குகள் நல்ல வெளிச்சம் தருகின்றன. 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு மெத்தை வழக்கில் தீர்ப்பளித்தது. வாங்கியவர் மெத்தையின் பாதுகாப்பு உறையைப் பிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். உறை பிரிந்ததால் சுகாதாரக் காரணம் காட்டி ஏற்க முடியாது என்றார் விற்பனையாளர். உடுத்திப் பார்த்த துணியைச் சுத்தம் செய்து மறுபடி விற்பதுபோல் மெத்தையையும் விற்கலாம், எனவே திருப்பும் உரிமை போகாது என்றது நீதிமன்றம். மறுபக்கம், 2016-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஒரு கார் உதிரிபாக வழக்கை விசாரித்தது. இணையத்தில் வாங்கிய கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காரில் பொருத்தி, ஓட்டியும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார் வாங்கியவர். கடையில் இப்படிப் பொருத்தி ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஆகவே மதிப்புக் குறைவுக்கு அவர் ஈடு தர வேண்டும் என்றது. உரிமை இருப்பது ஒன்று, மதிப்புக் குறைவை ஏற்பது இன்னொன்று. உங்கள் ஊர்ச் சட்டம் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உதவும்.

மூன்றாம் படி: இல்லாதது எந்த வகை என்று பாருங்கள்

பெட்டி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இரண்டு இருக்கின்றன. கூரியருக்காகச் சுற்றிய பழுப்பு அட்டைப்பெட்டிக்கு மறுவிற்பனை மதிப்பு எதுவும் இல்லை. அது இல்லையென்று யாரும் பிடித்தம் செய்யக் கூடாது. அதற்குள் இருக்கும், படம் அச்சிட்ட, பார்கோடும் சீரியல் நம்பரும் ஒட்டிய பெட்டிதான் விற்பனைப் பெட்டி. அது இல்லாத மின்னணுப் பொருள் "புதியது" என்ற வரிசையிலிருந்து இறங்கி, "திறந்த பொருள்" வரிசையின் கீழ்ப்படியில் உட்காரும். விற்பனைப் பெட்டியின் மேலேயே கூரியர் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினாலும் ஏறக்குறைய அதே கதிதான். பசை போகாது, அட்டை கிழியும். இதைத் தவிர்க்க வெளியே இன்னொரு பெட்டியோ உறையோ போட்டு அனுப்புங்கள்.

டேக் இன்னும் விசித்திரமானது. அதன் பொருள்மதிப்பு அற்பம். அச்சிட்ட அட்டையும் பிளாஸ்டிக் நூலும்தான். ஆனால் அது ஒரு சாட்சி. உடை அணியப்படவில்லை என்பதற்கு விற்பனையாளரிடம் வேறு சான்று கிடையாது. விசேஷத்துக்கு ஒரு நாள் உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கத்தைத் தடுக்கத்தான், சில கடைகள் முன்பக்கம் கண்ணில் படும்படி பெரிய டேக்கைக் கட்டி "இதை நீக்கினால் திருப்ப முடியாது" என்று அச்சிடுகின்றன. அப்படிப்பட்ட டேக்கை வெட்டிவிட்டால் பகுதிப் பிடித்தத்துக்கு இடமில்லை, முழுக்க மறுப்பார்கள். சட்டம் தனியாகப் பாதுகாக்காத இடங்களில் அந்த மறுப்பு நிற்கும். சாதாரண விலை டேக் மட்டும் அறுந்து, துணியில் அணிந்த தடம் ஏதும் இல்லையென்றால் நிலை வேறு. புது டேக் அச்சிட்டுக் கட்டும் செலவுதான் நட்டம், அது மிகச் சிறியது. அறுந்த டேக்கைத் தூக்கி எறியாமல் உடையோடு சேர்த்து அனுப்பினால் அந்தச் செலவும் மிச்சம். பலர் இதைச் செய்வதே இல்லை.

ஆக்சசரியில் பார்க்க வேண்டியது, அது தனியாகக் கிடைக்குமா என்பதுதான். எங்கும் கிடைக்கும் சார்ஜிங் கேபிள் ஒரு முனை. அந்த மாடலுக்கென்றே செய்த ரிமோட், சார்ஜிங் தளம், சாவி போன்றவை நடுவில். ஜோடியில் ஒன்று மறுமுனை: வயர்லெஸ் இயர்பட்டில் இடது பக்கம் காணவில்லை என்றால், அங்கே ஒரு பாகம் குறைகிறது என்று சொல்ல முடியாது, பொருளே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் ஒற்றை இயர்பட்டைத் தனியாக விற்கும் மாடலாக இருந்தால் அந்த விலையும், இணைக்கும் வேலையும் நட்டமாகும். விற்காத மாடல் என்றால் ஏறக்குறைய முழு விலையும் போய்விடும்.

நான்காம் படி: அனுப்பும் முன் சான்று சேருங்கள்

இதற்குக் கொஞ்ச நேரம் போதும். பொருள், சீரியல் நம்பர் தெரியும் பக்கம், சேர்த்து அனுப்பும் ஒவ்வொரு ஆக்சசரியும் ஒரே மேசையில் விரித்துத் தெரியும்படி ஒரு படம். அவை பெட்டிக்குள் வைத்த நிலையில் ஒரு படம். மூடி ஒட்டிய பெட்டியின் ஒரு படம். கூடவே கூரியர் ரசீது.

அந்த ரசீதில் இருக்கும் எடையைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கிடங்கில் "சார்ஜர் வரவில்லை" என்கிறார்கள். அனுப்பிய பொட்டலத்தின் எடையில் சார்ஜரின் எடையும் சேர்ந்திருக்கிறது என்று ரசீதே காட்டினால், வாதம் அங்கேயே முடிந்துவிடும். கனமான அடாப்டர் போன்றவற்றுக்கு இது நன்றாக வேலை செய்யும். சில கிராம் எடையுள்ள கேபிளுக்கு உதவாது, ஏனென்றால் கூரியர் எடை முழு அலகாக மேலேற்றப்பட்டிருக்கும்.

பெட்டியைத் திறந்தபோதே ஒரு பாகம் இல்லை என்றால் அன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். திருப்பி அனுப்பும்போதுதான் முதல்முறையாகச் சொன்னால், அது உங்களிடம் தொலைந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

ஏதாவது இல்லாமல் அனுப்புகிறீர்கள் என்றால் அதை நீங்களே முதலில் சொல்லிவிடுவதுதான் நல்லது என்பேன். "பெட்டி இல்லை, மற்ற எல்லாம் இருக்கின்றன. எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று அனுப்புவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொகை அதிகமாகத் தெரிந்தால் பொருளையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்க அப்போது இடம் இருக்கும். பொட்டலம் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

ஐந்தாம் படி: கிடங்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் ரிட்டர்ன் எண்ணை ஸ்கேன் செய்து வரவு வைக்கிறார்கள். பிறகு ஒருவர் பிரித்து, சீரியல் நம்பர் விற்றதோடு பொருந்துகிறதா, உள்ளடக்கப் பட்டியலில் உள்ளவை இருக்கின்றனவா, தோற்றம் எப்படி, இயங்குகிறதா என்று பார்க்கிறார். அதன்படி பொருளுக்கு ஒரு தரம் குறிக்கிறார். கிடங்குக்குக் கிடங்கு பெயர் மாறினாலும் படிகள் ஏறக்குறைய ஒன்றே: புதியதாகவே மறுபடி அடுக்கலாம், திறந்தது ஆனால் முழுமையானது, திறந்தது பெட்டியோ பாகமோ குறைவு, மொத்தமாகத் தள்ளிவிற்க வேண்டியது, கழிவு.

நிறைய இடங்களில் பிடித்தச் சதவீதம் இந்தத் தரத்தோடு தானாகவே ஒட்டியிருக்கிறது. மூன்றாம் தரம் என்று குறித்தால் கணினி இத்தனை சதவீதம் என்று கழித்துவிடும். சோதிப்பவர் தனிப்பட்ட பகையில் எதையும் செய்வதில்லை. ஒரே தரத்துக்குள் பெட்டி மட்டும் இல்லாததும், பெட்டியும் மூன்று பாகமும் இல்லாததும் ஒன்றாக விழுவதால்தான் சிக்கல் வருகிறது. நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

சந்தைத் தளங்களில் தனி விற்பனையாளர் பிடிப்பதற்குத் தளமே வரம்பு வைப்பதும் உண்டு. ஈபேயில், இலவச ரிட்டர்ன் தரும் விற்பனையாளர் பொருள் மாறிய நிலையில் திரும்பினால் 50 சதவீதம் வரை பிடிக்கலாம் என்பது அப்படிப்பட்ட ஒரு விதி. முன்பே சொன்னதுபோல் அதுவும் உச்சவரம்புதான்.

ஆறாம் படி: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். எண்கள் கணக்குப் புரிவதற்காக வைத்தவை, எந்த நாணயமாகவும் கொள்ளலாம்.

ஒரு ஹெட்ஃபோனின் பட்டியல் விலை 10,000. கூப்பன் போட்டு நீங்கள் கட்டியது 9,000. போட்டுப் பார்த்தீர்கள், காதுக்கு ஒத்துவரவில்லை. திறந்த பொருளையும் ஏற்கிறோம், முழுப் பணம் தருகிறோம் என்கிறது கடையின் நிபந்தனை. ஆனால் விற்பனைப் பெட்டி குப்பைக்குப் போய்விட்டது, சார்ஜிங் கேபிளும் காணவில்லை. திருப்பி அனுப்பினீர்கள். "முழுமையற்ற நிலை, 40 சதவீதம் பிடித்தம்" என்று 4,000 கழித்து 5,000 அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் கண்ணில் பட வேண்டியது, சதவீதம் எதன் மேல் கணக்கிடப்பட்டது என்பது. 10,000-இன் 40 சதவீதம்தான் 4,000. நீங்கள் கட்டியது 9,000. அதன் மேல் கணக்கிட்டால் 3,600. கூப்பனாலோ தள்ளுபடியாலோ குறைந்த தொகை உங்களிடமிருந்து வந்ததே இல்லை, அதன் மேல் சதவீதம் போட முடியாது. ஆகவே 40 சதவீதம் சரி என்றே வைத்துக்கொண்டாலும் 400 திரும்ப வர வேண்டும். இந்தப் பிழை மிகச் சாதாரணமாக நடக்கிறது. கணினி பட்டியல் விலையை எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

அடுத்து, எதோடு எதை ஒப்பிட வேண்டும் என்பது. இதுதான் கணக்கின் மையம், இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம். புத்தம்புதிய ஹெட்ஃபோனோடு, பெட்டியில்லாத உங்கள் ஹெட்ஃபோனை ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பிடிக்கிறார்கள். ஆனால் நீங்கள் பெட்டியும் கேபிளும் சேர்த்தே அனுப்பியிருந்தாலும் அது புதியதாகப் போயிருக்காது. திறந்து காதில் வைத்த பொருள் "திறந்தது, முழுமையானது" என்ற வரிசைக்குத்தான் போயிருக்கும். அந்த இறக்கத்தைக் கடை தன் நிபந்தனையிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, திறந்ததற்கு முழுப் பணம் தருகிறேன் என்று சொன்னது அதனால்தான். ஆகவே உங்கள் கணக்கில் எழுத வேண்டியது, திறந்து முழுமையாக இருப்பதற்கும் திறந்து குறைவாக இருப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே.

அந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பல கடைகள் தங்கள் திறந்த பொருள்களைத் தாங்களே தனிப் பக்கத்தில் விற்கின்றன. அங்கே இதே மாடல் முழுமையான நிலையில் 8,200, பெட்டியில்லாமல் மற்றதெல்லாம் இருக்கும் நிலையில் 7,600, பெட்டியும் பாகமும் குறைந்த நிலையில் 7,000 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தை அப்படியே படம் எடுத்து வையுங்கள், தேதி தெரிய வேண்டும். விற்பனையாளரே போட்ட விலை என்பதால் இதைவிட வலுவான சான்று உங்களுக்குக் கிடைக்காது.

இப்போது அவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பொருளை அப்படியே குறைவான நிலையில் விற்பது. அப்போது நட்டம் 8,200-க்கும் 7,000-க்கும் இடையே உள்ள 1,200. மற்றது, அதே கேபிளை உதிரிபாகமாக வாங்கிச் சேர்த்து, பெட்டி மட்டும் இல்லாத நிலையில் விற்பது. கேபிள் 500, பெட்டி இல்லாததால் குறைவது 600, சேர்த்து அடுக்கும் வேலைக்கு 150 என்றால் மொத்தம் 1,250. இரண்டில் குறைவானது முதல் வழி, 1,200. புத்தியுள்ள எந்த விற்பனையாளரும் தனக்கு நட்டம் குறைந்த வழியைத்தான் எடுப்பார், அதற்கு மேல் உங்களிடம் கேட்பதற்குக் காரணம் இல்லை. ஆகவே உங்களுக்கு வர வேண்டியது 7,800. வந்தது 5,000. வித்தியாசம் 2,800.

இந்த இரண்டு வழிகளையும் கூட்டிப் பிடிக்கும் பழக்கம் ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "தரக் குறைவு 1,200, கேபிள் 500, மொத்தம் 1,700" என்று வரும். பார்க்க விவரமான கணக்காகத் தெரியும். ஆனால் 7,000 என்ற விலையே கேபிள் இல்லாத பொருளின் விலை. கேபிளின் நட்டம் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது, மறுபடி 500 எழுதினால் ஒரே கேபிளுக்கு இரண்டு முறை பணம் வாங்குகிறார்கள் என்று அர்த்தம்.

திறந்த பொருள்களைத் தனியாக விற்காத கடை என்றால்? தயாரிப்பாளரின் உதிரிபாக விலையைப் பாருங்கள். பாகத்துக்கு அதுதான் நல்ல அளவுகோல். பெட்டிக்கு அப்படி விலை கிடைக்காது. மற்ற கடைகள் பெட்டியுள்ளதையும் இல்லாததையும் விற்கும் விலை வித்தியாசத்தைக் காட்டலாம். அதையும் தேட முடியவில்லை என்றால், கணக்கைச் சொல்லும் பொறுப்பை விற்பனையாளரிடமே விட்டுவிடுங்கள், நீங்கள் ஒரு எண்ணைச் சொல்லிச் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

தொகுப்பாக வாங்கியதில் இன்னொரு சின்ன விஷயம். கேமராவோடு "இலவசப் பை" வந்திருந்து, பையை நீங்கள் வைத்துக்கொண்டால், பையின் தனி விற்பனை விலையை முழுவதும் பிடிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் கட்டிய மொத்தத் தொகையில் பைக்கு விகிதப்படி விழும் பங்கைத்தான் பிடிக்க வேண்டும். கேமரா 18,000, பை 2,000 என்று தனித்தனி விலை இருந்து, இரண்டும் சேர்த்து 18,000 கட்டியிருந்தால் பையின் பங்கு பத்தில் ஒன்று, அதாவது 1,800. இலவசப் பொருளைத் திருப்பித் தராவிட்டால் இந்தத் தொகை பிடிக்கப்படும் என்று முன்பே எழுதியிருந்தால் அந்த எழுத்து முன்னுக்கு வரும்.

ஏழாம் படி: கேளுங்கள், எழுத்தில்

தொலைபேசியில் பேசுவதால் பெரிய பயன் இல்லை. எடுப்பவருக்கு அந்தக் கணக்கு தெரியாது, மாற்றும் அதிகாரமும் பெரும்பாலும் இருக்காது. முதல் கடிதத்தில் குற்றம்சாட்டாமல் விவரம் மட்டும் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"ஆர்டர் எண் ____. நான் கட்டிய தொகை 9,000. ரீஃபண்டாக 5,000 வந்துள்ளது. விற்பனைப் பெட்டியும் சார்ஜிங் கேபிளும் இல்லாமல் அனுப்பியதை ஏற்கிறேன். பிடித்த 4,000-இல் பெட்டிக்கு எவ்வளவு, கேபிளுக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரவும். எந்தத் தொகையின் மேல் சதவீதம் கணக்கிடப்பட்டது, பொருளுக்கு என்ன தரம் குறிக்கப்பட்டது என்பதையும், சோதனையின்போது எடுத்த படங்களையும் அனுப்பவும்."

இல்லாததை ஏற்கிறேன் என்று முதலிலேயே சொல்வது பலவீனம் இல்லை. இல்லாதது எது என்பதில் சண்டை முடிந்துவிட்டால், பேச்சு முழுவதும் தொகையின் மேல் நிற்கும். நீங்கள் ஜெயிக்கக்கூடிய இடம் அதுதான்.

பதில் வந்ததும் இரண்டாவது கடிதத்தில் உங்கள் கணக்கை வையுங்கள்: அவர்களுடைய பக்கத்திலிருந்தே எடுத்த மூன்று விலைகள், வித்தியாசம் 1,200, வர வேண்டிய மீதி 2,800. சட்ட மிரட்டல் இப்போது வேண்டாம். விவரம் தர மறுத்தாலோ ஒரே வரியையே திரும்ப அனுப்பினாலோ, அந்த மறுப்பே அடுத்த கட்டத்தில் உங்களுக்குச் சான்றாகிவிடும்.

இதற்கிடையில் கேபிள் கிடைத்துவிட்டால் உடனே சொல்லுங்கள். தனியாக அனுப்பினால் அந்தப் பங்கைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டு, ஒப்புதல் வந்த பிறகே அனுப்புங்கள். ரிட்டர்ன் எண் எழுதாமல் வரும் ஒற்றைக் கேபிளைக் கிடங்கில் எதோடு சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது. பொருள் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தால் அவர்கள் மறுக்கலாம், அது நியாயமான மறுப்பே. நாள்கள் செல்லச் செல்ல இந்த வாய்ப்பு குறையும்.

எட்டாம் படி: கடை அசையவில்லை என்றால்

சந்தைத் தளத்தில் வாங்கியிருந்தால் முதலில் தளத்தின் தகராறுப் பிரிவு. அங்கே தனி விற்பனையாளரும் நீங்களும் இரண்டு தரப்பு, படங்களும் கடிதங்களும்தான் பேசும். கார்டில் கட்டியிருந்தால் கார்டு வழங்கிய வங்கியிடம், வர வேண்டிய ரீஃபண்டில் ஒரு பகுதி வரவில்லை என்று தகராறு எழுப்பலாம். முழு 9,000-க்கும் எழுப்பாதீர்கள். 5,000 வந்திருக்கிறது, 1,200 பிடிப்பதை நீங்களே ஏற்கிறீர்கள். 2,800-க்கு மட்டும் எழுப்பினால் கேட்பவருக்குப் புரியும். அதிகம் கேட்டால் உங்கள் வழக்கே பொய்போல் தோன்றும். இதற்குக் காலக்கெடு உண்டு, வங்கிக்கு வங்கி மாறும். கடையோடு கடிதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நாளைக் கேட்டுத் தெரிந்துவையுங்கள். நிபந்தனை வாங்கும்போதே காட்டப்பட்டதா என்பதுதான் இத்தகைய தகராறுகளில் முக்கியமான கேள்வி. இரண்டாம் படியில் எடுத்து வைத்த மின்னஞ்சல் இங்கே வேலைக்கு வரும்.

அதற்கும் மேல் நுகர்வோர் அமைப்பு, சிறு கோரிக்கை நீதிமன்றம் என்று இருக்கின்றன. அங்கே போவதற்கு முன் பிடித்தத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து, எது நிற்கும் எது நிற்காது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேலே சொன்ன ஹெட்ஃபோனில் பட்டியல் விலை மேல் கணக்கிட்டதால் வந்த 400 கண்டிப்பாக நிற்கும், அதற்கு வாதமே தேவையில்லை. தர வித்தியாசத்தால் வரும் மீதி 2,400, அந்தத் திறந்த பொருள் பக்கத்தின் படம் உங்களிடம் இருந்தால் நிற்கும், இல்லையென்றால் பேரம்தான். 400 மட்டும்தான் உறுதி என்ற நிலையில் இருந்தால் அதைத் தனியாகக் கேட்டு முதலில் வாங்கிவிடுங்கள். கணக்குப் பிழை என்று சொன்னால் பெரும்பாலும் கேள்வியில்லாமல் வந்துவிடும்.